பழைய மாணவியை அறிமுகப்படுத்த இரண்டு நிமிடம்

கேள்வி: ஐயா, அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1999-ல் பிளஸ் டூ முடித்த செட் அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் கூடுகிறது. அதே செட்டில் படித்த ஒரு மாணவியைத்தான் சிறப்புரைக்கு அழைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சிங் சூப்பர்வைசராக இருக்கிறாள். அவளை அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு. எழுத உட்கார்ந்தால் மூன்று பக்கம் வந்துவிட்டது. இணைத்திருக்கிறேன். எதை வெட்டுவது என்று தெரியவில்லை, எல்லாமே முக்கியமாகத் தோன்றுகிறது. பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்ளுமோ என்றும் பயமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தையும் மேடையில் படிப்பதுபோல வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். அப்படிக் கொண்டுவந்தால் உங்கள் பாசம் குறைந்தா போய்விடும்? இன்னும் தெளிவாகத்தான் கேட்கும்.

ஏன் இரண்டு நிமிடம் என்கிறேன் என்றால், உங்கள் முறை வருவதற்குள் அவை எவ்வளவு கேட்டிருக்கும் என்று அழைப்பிதழைப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர்களின் 'இரண்டொரு வார்த்தைகள்', வாழ்த்துரை, அதற்கப்புறம்தான் நீங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடியில் பாட வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. உங்கள் அறிமுகம் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். மேடையில் நிதானமாகப் பேசுகிறவருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு தமிழ்ச் சொற்கள் ஓடும். ஆக, இருநூறு சொற்களுக்குள் எழுதுங்கள். உங்கள் வேகம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், செல்போனில் பதிவு செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, எதை வெட்டுவது? உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடிகிற எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலே உங்கள் முதல் பக்கம் முழுவதும் போய்விடும். அதில் இருப்பது என்ன? பட்டங்கள், வேலை பார்த்த ஊர்கள், வாங்கிய விருது. அதெல்லாம் அழைப்பிதழில் அச்சாகியிருக்கும், இல்லையென்றால் வரவேற்புரை சொல்பவர் சொல்லிவிடுவார். அதே பக்கத்தின் மேல் பாதியில் மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து வணக்கம் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் வரவேற்புரைக்காரரின் வேலை. அவர் யாரையாவது விட்டிருந்தால் வருத்தம் அவரோடு முடிந்துவிடும். நீங்களும் பட்டியல் போட்டு, நீங்களும் ஒருவரை விட்டுவிட்டால் அது உங்கள் தலையில் வந்து விழும். "அனைவருக்கும் வணக்கம்" போதும்.

மூன்று பக்கம் எழுதியும் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. உங்கள் மாணவி எதைப் பற்றிப் பேசப் போகிறார்? வரைவில் அது எங்கேயும் இல்லை. கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானோர் கேட்பதில்லை. ஆனால் அறிமுகத்தின் வேலையே, அவையை அந்தப் பேச்சின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எப்படி நிறுத்துவீர்கள்? ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன்னால் போனை எடுங்கள்.

போனில் பேசுவது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். என்ன தலைப்பில் பேசுகிறார், பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், இப்போதைய பதவி சரியாக என்ன என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் விஷயத்தில் உங்களுக்கு ஞாபகம் இருப்பது 1999-ன் வருகைப் பதிவேட்டுப் பெயர். முன்னெழுத்து அப்பா பெயரில் இருந்ததா, இப்போது கணவர் பெயர் சேர்ந்திருக்கிறதா, வேலை செய்யும் இடத்தில் எப்படி அழைக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டில் வைத்த செல்லப் பெயர் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். மேடையில் அது வேண்டாம்.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி. நீங்கள் சொல்ல நினைக்கும் நிகழ்ச்சியை அவரிடமே சொல்லி, "இதைச் சொல்லலாமாம்மா?" என்று கேளுங்கள். ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று ஒளித்து வைக்காதீர்கள். இப்படிக் கேட்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, நம் ஞாபகம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியருக்கு ஒருத்தி செய்தது இன்னொருத்தி பேரில் பதிவாகியிருப்பது சகஜம். "ஐயோ சார், அது நானில்ல, என் பக்கத்துல நின்னவ" என்று அவர் போனில் சொல்லிவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். மேடையில் சொன்ன பிறகு அந்தப் பக்கத்தில் நின்றவரே மூன்றாவது வரிசையில் இருந்தால், அங்கே ஒரு சலசலப்பு கிளம்பும்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. உங்கள் இரண்டாம் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மின்சாரம் இல்லை, அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை, சத்துணவை நம்பிப் பள்ளிக்கு வந்த பிள்ளை, நீங்கள் நோட்டு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று உருக்கமாகப் போகிறது. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வறுமை அவருடைய சொத்து ஐயா. சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். அவரே தன் உரையில் அதைச் சொல்ல வைத்திருக்கலாம், அப்போது நீங்கள் முந்திக்கொண்டதாகிவிடும். அல்லது யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம்.

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்கப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் அந்தப் பள்ளியில் படித்தவர், இன்று நல்ல பதவியில் இருப்பவர். அறிமுகப்படுத்தியவர் உணர்ச்சிவசப்பட்டு, "அடுத்தவர் கொடுத்த கிழிந்த சீருடையில் வந்து நின்ற பையன் இவர்" என்றார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. நான் மேடை ஓரத்தில் நின்றதால் விருந்தினரின் முகம் தெரிந்தது. அவருடைய பார்வை மேடைக்குக் கீழே முதல் வரிசைக்குப் போனது. அங்கே அவருடைய அம்மா இருந்தார், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துவிட்டார். விருந்தினர் எழுந்து வந்து, தயாரித்து வைத்திருந்த தொடக்கத்தை விட்டுவிட்டு, தன் அப்பா எவ்வளவு உழைத்தார் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். உரையின் முதல் பகுதி பதில் சொல்வதிலேயே போய்விட்டது.

உங்கள் மாணவியின் வீட்டாரும் வருவார்கள். பிள்ளைகள்கூட வரலாம். அம்மாவின் சிறுவயதுக் கஷ்டத்தை மைக்கில் கேட்டு அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். அவரே "சொல்லுங்க சார், இப்ப இங்க படிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியட்டும்" என்றால் தாராளமாகச் சொல்லலாம். அப்போதும் நோட்டு வாங்கிக் கொடுத்ததை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. இதே கணக்கில்தான் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் எதுவும். மாற்றுச் சான்றிதழில் உள்ள விவரம், விடுப்பு எடுத்த காரணம், ஒரு தேர்வில் தவறியது, எதுவானாலும் அவர் அனுமதி இல்லாமல் வெளியே வரக் கூடாது.

மதிப்பெண் பத்தியையும் அடித்துவிட்டேன். "1200-க்கு இத்தனை எடுத்தாள், அந்த செட்டிலேயே முதலாவது, அவளைப் போல் இன்னொருத்தி வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு மேடையாக இருந்தால் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே கீழே உட்கார்ந்திருப்பது யார்? அதே செட். அவருக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள். ஒருவர் ஊரிலேயே மளிகைக் கடை வைத்திருப்பார், ஒருவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருவர் கணவரை இழந்து திருப்பூரில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். லீவு போட்டு, பஸ் பிடித்து, பழைய சிநேகிதர்களைப் பார்க்க வந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் "உங்களில் இவள் ஒருத்திதான்" என்று சொன்னால் அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் தங்களுக்குள் வாசித்துக்கொள்வார்கள். அந்த மாணவிக்கும் அது தர்மசங்கடம். கூட்டம் முடிந்து பந்தியில் அவர்களோடுதானே அவர் உட்கார வேண்டும்? முன்னாள் மாணவர் கூட்டத்தில் விருந்தினர் ஒரே நேரத்தில் விருந்தினராகவும் அந்த செட்டில் ஒருவராகவும் இருக்கிறார். அறிமுகம் அவரை அந்தக் கும்பலிலிருந்து பிய்த்து எடுக்காமல், அதற்குள்ளிருந்தே எழுந்து வரச் செய்ய வேண்டும்.

குறளுக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தை "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்" என்று முடித்திருக்கிறீர்கள். பழைய மாணவரை அழைக்கும் மேடைகளில் இந்தக் குறள் ஒலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். நல்ல குறள்தான். ஆனால் அது தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாயின் மகிழ்ச்சி. பெற்ற தாய் முதல் வரிசையில் இருக்கும்போது அந்த இடத்தில் நாம் போய் உட்காருவது அழகில்லை. மகிழ்ச்சியை உங்கள் குரல் காட்டிவிடும், அதற்கு மேற்கோள் எதற்கு? "அறிமுகமே தேவையில்லாதவர்" என்ற வரியும் போகட்டும். தேவையில்லை என்றால் நாம் ஏன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்?

இவ்வளவும் வெட்டிய பிறகு உங்கள் கையில் என்ன மிச்சம்? மூன்றாம் பக்கத்தின் நடுவில், ஏதோ போகிற போக்கில் எழுதினதுபோல ஒரு ஆறு வரி இருக்கிறது. செய்முறை வகுப்பில் உப்பு ஆய்வு. நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை. மற்றவர்கள் அவசரமாக அமிலத்தை ஊற்றி, குழாயை ஆட்டி, வளையம் வராமல் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும், அந்தப் பெண் மட்டும் சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, உள்சுவர் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மணி அடித்தும் போகவில்லை. "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டீர்கள். தலையை நிமிர்த்தாமலே, "வளையம் வரட்டும் சார்" என்றாளாம்.

ஐயா, உங்கள் அறிமுகம் இதுதான். இதை விட்டுவிட்டு எதற்கு மூன்று பக்கம்?

இதை ஏன் எடுக்கிறேன் என்றால், இது நீங்கள் கண்ணால் பார்த்தது. வேறு யாரிடமும் இல்லை, அழைப்பிதழில் வராது, இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. அடுத்து, இதில் வேலை செய்கிறவர் அவர். விளக்குக் கதையில் அவர் சும்மா இருக்கிறார், வறுமை அவர் மேல் நடக்கிறது. நோட்டுக் கதையில் நீங்கள் செய்கிறீர்கள், அவர் வாங்கிக்கொள்கிறார். இந்த நிகழ்ச்சியில்தான் அவருடைய கை நகர்கிறது, அவருடைய வாய் பேசுகிறது. அந்த நான்கைந்து ஞாபகங்களில் இது ஒன்றுதான் அவருடைய இன்றைய வேலைக்கும் நேராகப் போகிறது. குறைமாதக் குழந்தையின் கையில் ஊசி ஏற்றுவதும் அவசரப்படாத கையால் செய்கிற காரியம்தானே.

கூடுதலாக ஒன்று. அந்த செட்டில் அறிவியல் பிரிவு எடுத்த எல்லோரும் அதே ஆய்வகத்தில் நின்றவர்கள். பழுப்பு வளையம் என்றதுமே அந்த வாசனை அவர்களுக்கு வரும், சிரிப்பும் வரும். அவர்களும் கதைக்குள் இருப்பதால் ஒருவரும் வெளியே நிறுத்தப்படவில்லை. கலைப் பிரிவில் படித்தவர்களுக்காக அரை வரியில் விளக்கிவிடுங்கள்: ஆட்டினால் வளையம் கலைந்துவிடும். அவ்வளவு போதும். பெரஸ் சல்பேட், அடர் கந்தக அமிலம் என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஆசிரியருக்கு அந்தச் சபலம் இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

அவருடைய வேலையைச் சொல்லும் வரியிலும் இதே கவனம் வேண்டும். "நியோநேட்டல் இன்டென்சிவ் கேர் யூனிட்டில் நர்சிங் சூப்பர்வைசர்" என்று நீங்கள் படித்தால் பாதிப் பேருக்கு 'ஏதோ பெரிய வேலை' என்பது மட்டும் போய்ச் சேரும். பதவியை ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டு, அங்கே அவர் கை என்ன செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைக் குறைமாதம் என்கிறார்கள். ரொம்ப முன்னதாகப் பிறந்துவிட்டால் ஒரு கிலோகூட இருக்காது. அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். இந்த வரியையும் போனில் அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். சூப்பர்வைசரான பிறகு அவர் நேரடியாக ஊசி போடுவதில்லை, போடுகிறவர்களைப் பழக்குகிறார் என்றால் வாக்கியம் மாற வேண்டும்.

அப்புறம், 'அவள்'. வரைவு முழுக்க 'வந்தாள், படித்தாள், உயர்ந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் என்றைக்கும் அந்தப் பிள்ளைதான், அது வீட்டுத் திண்ணையில் சரி. மேடையில் அவர் விருந்தினர், கீழே அவருக்குக் கீழ் வேலை பார்க்கும் யாராவதுகூட வந்திருக்கலாம். 'அவர்' என்றே சொல்லுங்கள். பள்ளிக் காலக் காட்சியில் 'அந்த மாணவி' என்று சமாளித்துக்கொள்ளலாம், செயற்கையாக இருக்காது. கடைசியில் கூப்பிடும்போது ஒரே ஒரு தடவை, "வாம்மா" என்று உங்கள் வழக்கப்படி கூப்பிடுவதற்கு நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடம் மரியாதையாகப் பேசிவிட்டு அந்த ஒரு வார்த்தை வரும்போது, மூன்று பக்கத்தில் நீங்கள் சொல்ல முயன்ற பாசம் அத்தனையும் அதிலேயே வந்துவிடும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குப் பிடிக்காது.

இனி எழுதிப் பார்ப்போம். குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவர் பேசுவதாக வைத்துக்கொள்கிறேன். தலைப்பு வேறாக இருந்தால் அந்தப் பத்தியை மாற்றிக்கொள்ளுங்கள்.

"அனைவருக்கும் வணக்கம். உங்களில் பலருக்கு நம் வேதியியல் ஆய்வகம் ஞாபகம் இருக்கும். அதன் வாசனையை மறக்க முடியாது. அங்கே ஒரு நாள் பழுப்பு வளையச் சோதனை. அமிலத்தை மெதுவாக விட வேண்டும். குழாயை ஆட்டினால் வளையம் கலைந்துவிடும். அன்றைக்கு நிறையப் பேர் ஆட்டினீர்கள். யார் யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஒரு மாணவி மட்டும் குழாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். 'இன்னும் முடிக்கலையா?' என்று கேட்டேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'வளையம் வரட்டும் சார்' என்றார்.

இன்றைக்கு அவர் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சிங் சூப்பர்வைசர். மாதம் நிறையும் முன்பே பிறந்து, ஒரு கிலோகூட எடை இல்லாத குழந்தைகள் அவருடைய பொறுப்பில் இருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் கையில் ரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்ற வேண்டும். அதை அவர் செய்கிறார், இளம் செவிலியர்களுக்கும் கற்றுக் கொடுக்கிறார்.

அப்படிப்பட்ட ஒரு குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, அம்மாவும் பாட்டியும் அப்பாவும் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று இன்றைக்கு நமக்குச் சொல்லப் போகிறார்.

1999-ஆம் ஆண்டு செட், நம் பள்ளியின் மாணவி, திருமதி …… அவர்கள். வாம்மா."

புள்ளி வைத்த இடத்தில் முழுப் பெயர். இருநூறு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது.

இதில் ஆய்வகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் "அன்று சோதனைக் குழாயைப் பிடித்த அதே கைதான் இன்று" என்ற வரி இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் கேட்கிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். நாம் விளக்கினால் அந்தச் சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்காது. பத்திக்குப் பத்தி ஒரு மூச்சு இடைவெளி மட்டும் விடுங்கள். 'வளையம் வரட்டும் சார்' என்றதும் சிரிப்போ முணுமுணுப்போ எழும், அது அடங்கும் வரை அடுத்த வரியைத் தொடங்க வேண்டாம்.

பெயர் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. பெயர்தான் கைதட்டலுக்கு அடையாளம். அதை நடுவில் சொன்னால் கூட்டம் அங்கேயே தட்டிவிடும், மிச்சப் பேச்சு தொய்ந்துபோகும். பெயரைச் சொல்லிவிட்டு "அவர்களை இருகரம் கூப்பி, அன்போடும் பண்போடும்…" என்று நீட்டினாலும் இதேதான் நடக்கும். பெயர், அழைப்பு, முடிந்தது.

நன்கொடைப் பேச்சை இதில் நுழைக்கச் சொல்லி உங்களிடம் யாராவது வருவார்கள். "சார், ஸ்மார்ட் கிளாஸுக்கு ஒரு வார்த்தை போட்டு வைங்க, உங்க பேச்சைத் தட்ட மாட்டாங்க" என்பார்கள். முன்னாள் மாணவர்களிடம் பள்ளிக்காகக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பேச வருகிறவரை எழுப்பி நிறுத்தும் இடத்தில் கேட்டால், அழைத்ததே அதற்குத்தான் என்றாகிவிடும். தலைமையாசிரியரோ ஒருங்கிணைப்பாளரோ நன்றியுரைக்கு முன்னால் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்கட்டும்.

மேடை ஏற்பாட்டில் ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கட்டியதெல்லாம் கலைந்துவிடும். நீங்கள் "வாம்மா" என்று முடித்ததும் தொகுப்பாளர் மைக்கை வாங்கி, "இப்பொழுது பொன்னாடை போர்த்தி கௌரவிக்க…" என்று தொடங்குவார். சால்வை எடுத்து வர ஒருவர், போர்த்த ஒருவர், போட்டோவுக்காக மறுபடி ஒரு தடவை, பிறகு நினைவுப் பரிசு, அதற்கும் போட்டோ. ஐந்து நிமிடம் கழித்து அவர் மைக் முன்னால் வரும்போது ஆய்வகத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். சால்வையும் பரிசும் உங்கள் அறிமுகத்துக்கு முன்னாலேயோ, அவர் உரைக்குப் பின்னாலேயோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் தொகுப்பாளர் மறுபடி அழைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். நான் தொகுப்பாளன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். எழுதித் தராத வரைக்கும் எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

நிகழ்ச்சி தாமதமாகி, "சார், ஒரு நிமிஷத்துல முடிச்சிருங்க" என்று சீட்டு வரலாம். வேகமாகப் படிக்க முயலாதீர்கள். ஊசி ஏற்றும் வரிகளையும் கற்றுக் கொடுக்கும் வரியையும் விட்டுவிடுங்கள். ஆய்வகம், பதவி, தலைப்பு, பெயர் இந்த நான்கும் இருந்தால் அறிமுகம் நிற்கும். விட வேண்டியதை முதல் நாளே பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தால், மேடையில் தேட வேண்டியிருக்காது.

தொண்டை அடைக்கும் என்று பயந்தீர்கள். அடைக்கத்தான் செய்யும். எங்கே அடைக்கும் என்பதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். வீட்டில் நின்றுகொண்டு, சத்தமாக, உங்கள் வீட்டு அம்மாவையோ பேரப்பிள்ளையையோ எதிரே உட்கார வைத்துப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் தெரியாது. உங்கள் குரல் அநேகமாக 'வளையம் வரட்டும் சார்' என்ற இடத்தில் தடுக்கும். சில தடவை படித்தால் அந்த வரி பழகிவிடும். அதற்குப் பிறகு வருவது வெறும் தகவல் பத்தி என்பதைக் கவனியுங்கள், வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். பதவியையும் தலைப்பையும் படிக்கும்போது குரல் தன்னால் திரும்பிவிடும். கடைசி அழைப்புக்கு முன்னால் உங்களுக்கு அந்த இடைவெளி தேவை.

அப்படியும் மேடையில் குரல் நின்றுவிட்டால், "மன்னிக்கணும், உணர்ச்சிவசப்பட்டுட்டேன்" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். காகிதத்தைப் பாருங்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், விட்ட சொல்லிலிருந்து தொடருங்கள். கூட்டம் காத்திருக்கும். மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், ஒரே தாளின் ஒரே பக்கத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் தாளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து மைக் வரை வந்து சேரும் வரை நீங்கள் அங்கேயே நில்லுங்கள், காலி மைக்கை நோக்கி யாரும் நடக்கக் கூடாது. அவர் வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, அவர் வந்த வழிக்கு எதிர்ப் பக்கமாக இறங்கிக்கொள்ளுங்கள். மைக்கின் உயரத்தை அவரே சரிசெய்துகொள்வார்.